போன் வழி டாக்டர் சந்தா: எத்தனை முறை என்பதை விட யாருக்கு, எந்த டாக்டர் என்று பாருங்கள்

"நான் சென்னையில் இருக்கிறேன். மனைவி, நாலு வயது மகன். அப்பா (68, சுகரும் பிரஷரும் உண்டு), அம்மா (63, தைராய்டு) இருவரும் ஸ்ரீவில்லிபுத்தூரில். ஒரு ஆப்பில் ஆண்டுக்கு 2,999 ரூபாய்க்கு ஒரு மெம்பர்ஷிப் வருகிறது. 'அளவில்லா ஆலோசனை, ஸ்பெஷலிஸ்ட் வசதி, முழுக் குடும்பத்துக்கும்' என்று போட்டிருக்கிறார்கள். வாங்கலாமா? அப்பா அம்மாவும் அதில் வருவார்களா? ஸ்பெஷலிஸ்டையும் எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாமா?"

உங்கள் வீட்டில் டாக்டர் அதிகம் தேவைப்படுவது அப்பாவுக்கும் அம்மாவுக்கும்தான். அதனால் அவர்கள் இருவரும் அந்தத் திட்டத்தில் உண்டா என்பது எழுத்தில் தெரியும் வரை பணம் கட்ட வேண்டாம். உண்டு என்றே பதில் வந்தாலும், உங்கள் வீட்டுக் கணக்குக்கு அது பெரிய லாபம் தராது என்று நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன். இந்த மாதிரி ஒரு நிறுவனத்தில் சந்தாதாரர் புகார்கள் வந்து சேரும் மேசையில் நான்கு வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். வந்த புகார்களில் பாதிக்கு மேல் உங்கள் கேள்வியில் இருக்கிற மூன்று சொற்களைப் பற்றியதுதான்: 'அளவில்லா', 'ஸ்பெஷலிஸ்ட்', 'குடும்பம்'.

'குடும்பம்' என்பதில் தொடங்குகிறேன். நாம் குடும்பம் என்றால் அப்பா அம்மாவைச் சேர்த்துத்தான் சொல்வோம். விதிமுறைப் பக்கத்தில் பெரும்பாலும் அது சந்தா கட்டுபவர், கணவன் அல்லது மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று நின்றுவிடும். பெற்றோருக்குத் தனித் திட்டம் இருக்கும், அல்லது ஆளுக்கு இவ்வளவு என்று கூடுதல் கட்டணம் இருக்கும். சில திட்டங்களில் '6 பேர் வரை' என்று தாராளமாக இருக்கும், அதற்குக் கீழே வயது வரம்பு ஒன்று இருக்கும். எண்ணிக்கையைப் பார்த்து வாங்கிவிட்டு, 68 வயதைப் பதிவு செய்யப் போகும்போது படிவம் ஏற்றுக்கொள்ளாது. இன்னொரு வகையும் உண்டு. பெயர்களை முதல் முறை சேர்க்கும்போதே பூட்டிவிடுவார்கள், அடுத்த ஆண்டு புதுப்பிக்கும் வரை மாற்ற முடியாது. நடுவில் குழந்தை பிறந்தால் சேர்க்க முடியுமா என்பதும் இங்கேதான் வரும்.

பெயர் சேர்த்த பிறகு இன்னொரு சிக்கல் இருக்கிறது. அதை நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன். மகன் சென்னையில் இருந்துகொண்டு, தன் போனில், தன் கணக்கிலேயே டாக்டரைக் கூப்பிட்டு, "அப்பாவுக்கு ரெண்டு நாளா கால் வீங்குது சார்" என்று பேசுவார். டாக்டரும் பொறுமையாகக் கேட்டு மருந்து எழுதுவார். மருந்துச் சீட்டு மகன் பெயரில், 36 வயது என்று வந்து நிற்கும். அதைக் கொண்டு ஊரில் மருந்துக் கடையில் வாங்கினால் சிக்கல், இன்சூரன்சில் கோரினால் சிக்கல். எல்லாவற்றையும் விட மோசம், அடுத்த முறை பார்க்கும் டாக்டருக்கு அப்பாவின் பழைய விவரம் எதுவும் தெரியாது. இந்தியாவில் தொலைமருத்துவத்துக்கு 2020 மார்ச் 25 அன்று வெளியான வழிகாட்டு நெறிமுறைகள் இருக்கின்றன. அதன்படி நோயாளியின் பெயர், வயது, முகவரி போன்றவற்றை உறுதிசெய்துகொள்ள வேண்டியது டாக்டரின் கடமை. நோயாளி பக்கத்தில் இல்லாமல் வேறொருவர் அவருக்காகப் பேசினால், அதற்கு நோயாளி அனுமதி கொடுத்த எழுத்துச் சான்றோ, உறவைக் காட்டும் ஆவணமோ வேண்டும். நோயாளிக்கு 16 வயதோ அதற்குக் கீழோ இருந்தால் பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும், அவர் யார் என்பதையும் டாக்டர் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

அதனால் அப்பா பெயரில் தனிப் பதிவு, அவருடைய போன் எண்ணோடு, இருக்க முடியுமா என்று கேளுங்கள். ஓடிபி உங்கள் போனுக்கு மட்டும் வரும் ஆப் என்றால், அப்பா தானாகக் கூப்பிடவே முடியாது. நீங்கள் அலுவலகக் கூட்டத்தில் இருக்கும்போது ஊரில் அவருக்கு மயக்கம் வந்தால், 'குடும்பத் திட்டம்' அங்கே எட்டாது. அப்பா, நீங்கள், டாக்டர் மூன்று பேரும் ஒரே அழைப்பில் சேர முடியுமா என்பதும் முக்கியம். ஊரில் அப்பா பேச, இங்கிருந்து நீங்கள் பழைய ரிப்போர்ட்டைப் பார்த்துச் சொல்ல, அது நன்றாகவே நடக்கும்.

அடுத்து 'அளவில்லா'. இது பொய் இல்லை. எம்பிபிஎஸ் முடித்த பொது மருத்துவரோடு பேசுவதற்கு மட்டும்தான் பெரும்பாலும் அந்தச் சொல் பொருந்தும் என்பதுதான் விஷயம். 'நியாயமான பயன்பாடு' என்று ஒரு பிரிவு கீழே இருக்கும். ஒரு நாளைக்கு ஒருவருக்கு ஒரு ஆலோசனை, அல்லது மாதத்துக்கு இத்தனை என்று அங்கே எழுதியிருப்பார்கள். அதையும் விட நான் உங்களைப் பார்க்கச் சொல்வது, எது 'ஒரு ஆலோசனை' என்பதை. அழைப்பு நடுவில் அறுந்து, மறுபடி இணைந்தால் அது ஒன்றா இரண்டா? நீங்கள் குறித்த நேரத்துக்கு வராமல் போனால் கழித்துவிடுவார்களா? ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்து, மூன்று நாள் கழித்து ரிப்போர்ட்டைக் காட்டும்போது அது முதல் ஆலோசனையின் தொடர்ச்சியா, புதிதா? பல இடங்களில் மூன்று நாளோ ஏழு நாளோ எழுத்தில் இலவசமாகக் கேட்கலாம் என்று விடுவார்கள். தைராய்டு ரிப்போர்ட் ஊரில் வருவதற்குள் அந்த நாள் முடிந்துவிட்டால், அம்மாவுக்கு ஒரே விஷயத்துக்கு இரண்டு கழியும். எண்ணிக்கை உள்ள திட்டங்களில் அந்த எண்ணிக்கை வீட்டுக்கு மொத்தமா, ஆளுக்குத் தனித்தனியா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். '4 ஸ்பெஷலிஸ்ட் ஆலோசனை' என்பது ஆளுக்கு நான்கு என்றால் நல்ல திட்டம், ஐந்து பேருக்குச் சேர்த்து நான்கு என்றால் தீபாவளிக்கு முன்பே தீர்ந்துவிடும்.

இனி ஸ்பெஷலிஸ்ட். இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் படிக்கச் சொல்வேன், உங்கள் அப்பாவுக்கு இது நேரடியாகப் பொருந்துகிறது.

முதலில், யாரை ஸ்பெஷலிஸ்ட் என்று எண்ணுகிறார்கள்? உணவு ஆலோசகர், உளவியல் ஆலோசகர், உடற்பயிற்சி ஆலோசகர் எல்லாரையும் சேர்த்து '20 துறை நிபுணர்கள்' என்று காட்டுவது வழக்கம். உங்களுக்குத் தேவை சர்க்கரை நோய் அல்லது நாளமில்லாச் சுரப்பி மருத்துவர், ஒருவேளை தோல், குழந்தை மருத்துவர். அந்தப் பெயர்கள் பட்டியலில் இருக்கின்றனவா என்று பாருங்கள். குழந்தை மருத்துவரைச் சிலர் பொது மருத்துவர் வரிசையில் அளவில்லாமல் தருகிறார்கள், சிலர் ஸ்பெஷலிஸ்ட் கணக்கில் கழிக்கிறார்கள். நாலு வயதுப் பையன் இருக்கும் வீட்டுக்கு இந்த ஒரு வேறுபாடு பெரியது. அப்புறம், ஸ்பெஷலிஸ்டிடம் நேராகப் போகலாமா, பொது மருத்துவர் பரிந்துரைத்தால் மட்டும்தானா என்றும் கேளுங்கள். பரிந்துரை முறை தவறு என்று நான் சொல்லமாட்டேன். பல நேரம் பொது மருத்துவரே முடித்துவிடுவார். ஆனால் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது விஷயத்தை விளம்பரத்தில் பார்க்க முடியாது. ஒவ்வொரு முறையும் அதே டாக்டர் கிடைப்பாரா?

இது ஏன் முக்கியம் என்றால், அந்த 2020 நெறிமுறைகள் தொலைபேசி ஆலோசனையை 'முதல் ஆலோசனை', 'தொடர் ஆலோசனை' என்று பிரிக்கின்றன. அதே டாக்டர், அதே நோய், நேரில் பார்த்து ஆறு மாதத்துக்குள் என்றால் அது தொடர் ஆலோசனை. மற்றதெல்லாம் முதல் ஆலோசனைதான். எந்த மருந்தை எழுதலாம் என்பது இந்தப் பிரிவைப் பொறுத்தது. மருந்துகளை அவை பட்டியல்களாகப் பிரித்திருக்கின்றன. முதல் பட்டியலில் இருக்கும் காய்ச்சல் மாத்திரை, உப்பு சர்க்கரைக் கரைசல் மாதிரியானவற்றை எந்த வகை அழைப்பிலும் எழுதலாம். அடுத்த பட்டியலில் இருப்பவற்றை முதல் ஆலோசனையில் எழுத வேண்டுமானால் வீடியோவில் பார்க்க வேண்டும். மூன்றாவது பட்டியல், ஏற்கனவே நேரில் பார்த்து எழுதிய மருந்தோடு இன்னொன்றைச் சேர்ப்பது. சுகருக்கு மெட்ஃபார்மின் மட்டும் போதவில்லை, இன்னொரு மாத்திரை கூட்ட வேண்டும் என்பது இந்த வகை. அது தொடர் ஆலோசனையில்தான் முடியும். போதைப்பொருள், மனமயக்கப் பொருள் சட்டத்துக்குள் வரும் மருந்துகளைச் சில விதிவிலக்குகள் தவிர போனில் எழுதக் கூடாது. அல்பிரசோலம் என்ற தூக்க மாத்திரையும் அந்தச் சட்டத்துக்குள் வருவதுதான். பெரியவர்கள் பலர் அதை வழக்கமாகப் போட்டுக்கொண்டிருப்பார்கள், அது தீர்ந்ததும் ஆப்பைத் திறப்பார்கள். டாக்டர் மறுப்பார், ஆலோசனை ஒன்று கழிந்திருக்கும், எங்கள் மேசைக்குக் கோபமான அழைப்பு வரும். டாக்டர் செய்தது சரி.

இப்போது அப்பாவை நினைத்துப் பாருங்கள். மூன்று மாதச் சராசரி சுகர் ஏறியிருக்கிறது, பிரஷரும் சரியில்லை. ஆப்பில் கிடைக்கிற டாக்டர் ஒவ்வொரு முறையும் வேறொருவர், யாரும் அவரை நேரில் பார்த்ததில்லை. நெறிமுறையை மதிக்கிற டாக்டர் என்ன செய்வார்? ரிப்போர்ட்டைப் பார்ப்பார், சாப்பாட்டைப் பற்றிப் பேசுவார், "பக்கத்தில் ஒரு டாக்டரை நேரில் பார்த்துவிடுங்கள்" என்பார். அதற்கு ஒரு ஸ்பெஷலிஸ்ட் ஆலோசனை கழிந்துவிடும். நெறிமுறையை மதிக்காத டாக்டர் மருந்தைக் கூட்டிவிடுவார், அது இன்னும் கவலை. சுகர் உள்ளவருக்குப் பாதத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும், கண் விழித்திரையைப் பார்க்க வேண்டும். இவை போனில் நடக்காது.

சரி, கணக்குக்கு வருவோம். சந்தா இல்லாமல் ஒவ்வொரு முறையும் தனியாகக் கட்டினால் பொது மருத்துவருக்கு 250, ஸ்பெஷலிஸ்டுக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் ஆப்பில் இருக்கும் தொகையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஆண்டுக்கு 4. அம்மாவுக்குத் தைராய்டுக்கு 2. உங்கள் மனைவிக்கும் மகனுக்கும் சேர்த்து ஸ்பெஷலிஸ்ட் 2, பொது மருத்துவர் 3. மகனின் காய்ச்சலுக்குப் பெரும்பாலும் தெருமுனை கிளினிக்குக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடுவீர்கள், அதனால் மூன்று என்பதே தாராளம்.

சந்தா இல்லாவிட்டால் எட்டு ஸ்பெஷலிஸ்ட் ஆலோசனைக்கு 4,000, மூன்று பொது மருத்துவருக்கு 750, மொத்தம் 4,750 ரூபாய். இனி 2,999 ரூபாய்த் திட்டத்தில் பெற்றோரும் உண்டு, ஸ்பெஷலிஸ்ட் வீட்டுக்கு மொத்தம் 4, அதற்கு மேல் 20 சதவீதம் தள்ளுபடி என்று வைப்போம். மீதி நான்குக்குத் தலா 400 என்று 1,600 கட்ட வேண்டும். ஆக மொத்தம் 4,599. ஒரு ஆண்டுக்கு உங்களுக்கு மிச்சம் 151 ரூபாய். பெற்றோர் திட்டத்தில் இல்லை என்றால்? 2,999 கட்டிவிட்டு, அவர்களுடைய ஆறு ஆலோசனைக்கு 3,000 தனியாகக் கட்டுவீர்கள். 5,999 ஆகிறது. சந்தாவே வாங்காமல் இருந்ததை விட 1,249 ரூபாய் அதிகம். 'அளவில்லா' என்ற பகுதியை நீங்கள் பயன்படுத்தியது மூன்றே மூன்று முறை.

அளவில்லாத் திட்டம் யாருக்கு லாபம் என்றால், கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு. இரவு பதினொரு மணிக்கு "பால் குடித்ததும் கக்குகிறான், பயப்படணுமா" என்று கேட்க ஒரு ஆள் வேண்டும். முதல் வருடத்தில் இருபது, முப்பது முறை கூப்பிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்களுக்குக் கொடுத்த காசு பல மடங்கு திரும்பி வந்தது. பக்கத்தில் டாக்டரே இல்லாத ஊரில் வேலை பார்ப்பவர்களுக்கும் அப்படித்தான். உங்கள் மகன் அந்த வயதைத் தாண்டிவிட்டான்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்படிச் செய்வேன். முதலில் அலுவலகத்தின் குரூப் இன்சூரன்ஸ் அட்டையை எடுத்து, அதோடு தொலைபேசி டாக்டர் வசதி இலவசமாக வருகிறதா என்று எச்.ஆரிடம் கேட்பேன். பல நிறுவனங்களில் இருக்கிறது, யாரும் பார்ப்பதில்லை. பாலிசியில் பெற்றோரைச் சேர்த்திருந்தால் அவர்களுக்கும் இருக்கலாம். சொந்தப் பாலிசியில் டாக்டர் ஆலோசனைக்குப் பணம் தரும் பிரிவு இருந்தால், தொலைபேசி ஆலோசனைக்கும் அது பொருந்த வேண்டும் என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2020-லேயே சொல்லியிருக்கிறது. இங்கே ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்: மெம்பர்ஷிப் என்பது இன்சூரன்ஸ் இல்லை. அதை விற்பவர்கள் 'கவரேஜ்' என்ற சொல்லைத் தாராளமாகப் பயன்படுத்தினாலும், ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் அது ஒரு ரூபாய் கூடத் தராது.

இரண்டாவது, அப்பாவை ஊரிலோ ராஜபாளையத்திலோ சுகர் பார்க்கிற டாக்டர் ஒருவரிடம் நேரில் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு, "அடுத்த தடவை ரிப்போர்ட்டோட போன்லயே பேசலாமா டாக்டர்?" என்று கேட்பேன். மருத்துவப் பதிவு உள்ள எந்த டாக்டரும் போனில் பார்க்கலாம், அதற்கு ஆப் நிறுவனத்தில் இருக்க வேண்டியதில்லை. நேரில் பார்த்தவர், அதே நோய், ஆறு மாதத்துக்குள் என்பதால் மாத்திரையைக் கூட்டவும் குறைக்கவும் அவரால் முடியும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை நேரில், நடுவில் ஒரு முறை போனில் என்று வைத்தால் வருடத்துக்கு நான்கு சரியாக வருகிறது. பாதமும் அவர் கண்ணில் படும். சீட்டில் அவருடைய பதிவு எண் இருக்க வேண்டும், போனில் எழுதினாலும் சரி.

சளி, இருமல், ஒரு சந்தேகம் கேட்க என்றால் மத்திய அரசின் இ-சஞ்சீவனி இருக்கிறது. இலவசம், வீட்டிலிருந்தே பேசலாம். கொரோனா காலத்தில் தமிழ்நாட்டு மக்கள் அதை நிறையவே பயன்படுத்தினார்கள். இங்கும் உங்களுக்கு வேண்டிய அதே டாக்டர் திரும்பக் கிடைப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. மனநலம் சம்பந்தப்பட்டது என்றால் 14416 என்ற டெலி-மானஸ் எண், அதுவும் இலவசம். உளவியல் ஆலோசனைக்காக மட்டும் சந்தா வாங்குபவர்கள் முதலில் அதைக் கூப்பிட்டுப் பார்க்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் அந்தத் திட்டம் வேண்டும் என்று தோன்றினால், அவர்களுடைய உதவிப் பகுதியில் இப்படி ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: "68 வயதுத் தந்தை, 63 வயதுத் தாய், வேறு ஊரில், அவரவர் போன் எண்ணில் பதிவு செய்ய முடியுமா? சர்க்கரை நோய் மருத்துவரிடம் நேரடியாக நேரம் வாங்கலாமா, ஆண்டுக்கு எத்தனை முறை, அது ஆளுக்கா வீட்டுக்கா? அதே மருத்துவரை மறுபடி தேர்வு செய்யலாமா? நேரில் போகச் சொல்லி முடித்தால் அந்த ஆலோசனை கழியுமா?" போனில் கேட்காதீர்கள். விற்பனையில் இருப்பவர் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்பார், நான் இருந்த இடத்தில் அதற்குத்தான் பயிற்சி. எழுத்தில் வரும் பதில் வேறு மாதிரி இருக்கும். அந்தப் பதிலையும் திட்டப் பக்கத்தின் படத்தையும் சேமித்து வையுங்கள். பின்னால் சொன்னது வேறு, தந்தது வேறு என்று ஆனால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுக்க அது தேவைப்படும்.

பணம் கட்டும்போது ஆண்டுதோறும் தானாகப் புதுப்பிக்கும் பெட்டியில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். தவறி விட்டாலும், பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் உங்களுக்கு அறிவிப்பு வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. யுபிஐ வழியாகக் கட்டியிருந்தால் அந்தச் செயலியிலேயே ஆட்டோபே பகுதிக்குப் போய் அதை நிறுத்திவிடலாம். பதில் வந்ததும் இங்கே போடுங்கள், 'வீட்டுக்கு மொத்தம்' என்று இருந்தால் கணக்கை மறுபடி போட்டுப் பார்ப்போம்.